“இயற்கையான” என்று எழுதாமல் ஒரு ராகி சோப்பை விற்பது

கையால் செய்த சோப்பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அற்புதமான இயற்கைப் பொருட்களால், பாரம்பரிய முறையில், கெமிக்கல் எதுவும் இல்லாமல் தயாரிக்கப்பட்ட தூய்மையான சோப்பு. உங்கள் சருமத்துக்கு மென்மையும் பொலிவும் தரும்.” தர்மபுரியில் மகளிர் குழுக்கள் கண்காட்சி போட்டாலும், அரூரில் சந்தையோரம் மேசை போட்டாலும் வாசகம் இதேதான். அரப்பு சோப்பு, வேப்பிலை சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, ராகி சோப்பு நான்கையும் வரிசையாக வைத்து அட்டைகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாங்க வந்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அந்த அட்டையின் குறை அதுதான். அது எந்தச் சோப்புக்கும் பொருந்துகிறது, அதனால் எந்தச் சோப்பைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. வாங்குபவர் மனதில் இருப்பவை சாதாரணக் கேள்விகள். இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நுரைக்குமா? முகத்துக்குப் போடலாமா? எத்தனை நாள் வரும்? கடைச் சோப்பைவிட ஏன் விலை அதிகம்? இவை எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவர் சோப்பு செய்தவர் ஒருவரே. ஆனால் எழுத உட்கார்ந்ததும் தெரிந்ததை விட்டுவிட்டு, டிவி விளம்பரத்தில் கேட்டதை எழுதிவிடுகிறார்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு, அதற்கான குறிப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை எழுதிப் பார்ப்போம். ராகி விளையும் மாவட்டம் என்பதால் ராகி சோப்பையே வைத்துக்கொள்வோம்.

முதலில் பழைய வாசகத்தைப் பிரித்துப் பார்ப்பது

“அற்புதமான” என்ற சொல்லை அடித்துவிடலாம். தன் சோப்பு சுமாரானது என்று யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. எல்லோரும் சொல்லும் ஒன்றை நீங்களும் சொல்வதால் வாங்குபவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

“கெமிக்கல் இல்லாத” என்பது வெறும் தேய்ந்த சொல் மட்டுமல்ல, பொய்யும்கூட. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேராமல் கட்டிச் சோப்பு உருவாகாது. காஸ்டிக் சோடா தொழிற்சாலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் தயாரிக்கப்படுவது. எண்ணெயும் அதுவும் வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. அளவு சரியாக இருந்து, வினை முழுதாக முடிந்திருந்தால் கட்டியில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. இதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? கண்காட்சிக்கு வரும் வேதியியல் ஆசிரியை ஒருவர் “கெமிக்கல் இல்லாமல் எப்படிம்மா சோப்பு செஞ்சீங்க?” என்று கேட்டால் மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பதில் இருக்காது. பதில் இல்லாமல் போனதும் அட்டையில் உள்ள மற்ற நல்ல வரிகள் மீதும் நம்பிக்கை போய்விடும்.

“இயற்கையான” என்ற சொல்லில் கொஞ்சம் கூடுதல் சிக்கல் இருக்கிறது. தேங்காயிலிருந்து வந்த எண்ணெய் அப்படிப்பட்டதுதான் என்று வாதாடலாம். ஆனால் பெரிய கம்பெனிச் சோப்பிலும் தாவர எண்ணெய் இருக்கிறது. எங்கே இயற்கை முடிகிறது என்று கோடு போட முடியாததால், யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில், சுற்றுச்சூழல் பெயரால் செய்யப்படும் போலி உரிமைகோரல்களைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாத பொதுப்படையான சொற்களாக அது குறிப்பிடுபவற்றில் இயற்கை, ஆர்கானிக், தூய என்பவையும் உண்டு. தெருமுனையில் சோப்பு விற்பவரைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் ஆன்லைன் கடையில் பொருளை ஏற்றும்போது இதே கேள்வி வரும்: “இயற்கை என்று எழுதியிருக்கிறீர்கள், எதை வைத்து?”

“பாரம்பரிய முறை” என்பதும் யோசிக்க வேண்டியது. நம் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் சீயக்காய், அரப்பு, பயத்தமாவு போட்டுத்தான் எண்ணெயை எடுத்தார்கள். காஸ்டிக் கரைசலை எடை பார்த்துக் கலந்து, அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைப்பது நம் பாட்டி செய்த வேலை அல்ல. நீங்கள் கற்றுக்கொண்டு செய்வது. அப்படியே சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

மீதி இருப்பது “மென்மையும் பொலிவும் தரும்”. இது சோப்பைப் பற்றிய பேச்சு அல்ல. வாங்குபவரின் தோலுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி. கேரளத்தில் ஒரு முன்னணி நடிகர் தோன்றிய சோப்பு விளம்பரம், அழகு உங்களைத் தேடி வரும் என்று சொன்னது. வயநாட்டுக்காரர் ஒருவர் அந்தச் சோப்பைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அழகு ஒன்றும் தேடி வரவில்லை என்று 2015-ல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கம்பெனி பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. செய்தியாக வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி.

குறிப்பேட்டில் இருப்பது

பழையதைக் கழித்தாயிற்று. புதிதாக எழுத விஷயம் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, சோப்பு போடும்போது எழுதி வைக்கும் குறிப்பேடு. இன்னொன்று, குளியலறை.

நம் ராகி சோப்பின் குறிப்பேட்டுப் பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணெய் மொத்தம் 1 கிலோ. அதில் தேங்காய் எண்ணெய் 650 கிராம், கடலை எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். இவ்வளவு எண்ணெயையும் முழுதாகச் சோப்பாக்கச் சுமார் 166 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். எட்டு சதவீதம் குறைத்து 152 கிராம் போடுகிறோம், அதனால் எண்ணெயில் ஒரு சிறு பங்கு சோப்பாக மாறாமல் கட்டியிலேயே தங்கும். தண்ணீர் 320 கிராம். சலித்த ராகி மாவு 30 கிராம். வாசனைத் தைலம் இல்லை. நிறம் இல்லை. கலவை மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும், அதை அச்சில் ஊற்றி மறுநாள் 13 கட்டிகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 115 கிராம் இருக்கும். ஆறு வாரம் நிழலில், காற்றோட்டமாகப் பலகையில் அடுக்கி வைத்தால் நீர் வற்றி 100 கிராம் அளவுக்கு இறங்கும். (இந்த அளவுகளை அப்படியே எடுத்துச் சோப்பு போட இறங்கிவிடாதீர்கள். உங்கள் எண்ணெய்களின் எடைக்குக் காஸ்டிக் கணக்கைத் தனியாகப் போட்டுச் சரிபார்த்த பிறகே கலக்க வேண்டும்.)

இந்தப் பக்கத்தில் எத்தனை வரிகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். மூன்று எண்ணெய்களின் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்வது வெறும் விளம்பரத்துக்காக அல்ல. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், “கடலை எண்ணெய்” என்று அட்டையில் பார்த்தால் அவர்கள் தாமாகவே விலகிக்கொள்வார்கள். “தாவர எண்ணெய்களால் ஆனது” என்று மூடி எழுதினால் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது.

வாசனை சேர்க்கவில்லை என்பதும் ஒரு வரி. பலர் இதைச் சொல்லப் பயப்படுகிறார்கள், வாசனை இல்லையென்றால் யார் வாங்குவார்கள் என்று. வாசனைச் சோப்பு போட்டால் தும்மல் வருகிறது, தோல் எரிகிறது என்று சொல்பவர்கள் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். எல்லோருக்கும் பிடிக்கும்படி எழுதினால் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆறு வாரம் காயவைத்தது என்பது விலைக்கான காரணம். இன்று ஊற்றியதை நாளை விற்க முடியாது; முதல் போட்ட பணம் ஒன்றரை மாதம் பலகையில் கிடக்கிறது. “தரமான தயாரிப்பு என்பதால் விலை சற்று அதிகம்” என்ற வழக்கமான வரியைவிட, “அச்சில் ஊற்றி ஆறு வாரம் காய்ந்த பிறகே விற்பனைக்கு வருகிறது” என்பது அதே வேலையைச் சண்டையில்லாமல் செய்யும்.

எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. காஸ்டிக் சதவீதம், தண்ணீர் விகிதம் எல்லாம் செய்பவருக்கு வேண்டியவை, வாங்குபவருக்கு அல்ல. அதேபோல், சோதனைக்கூடத்தில் பார்க்காத எதையும் எழுதாதீர்கள். கடைச் சோப்புகளில் மொத்தக் கொழுப்பளவு போட்டு முதல் தரம் என்று எழுதியிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம் வேண்டும். கிளிசரினையும் ஈரத்தையும் தன்னிடமே வைத்திருக்கும் கைச்சோப்பு அந்த அளவைத் தொடும் என்று பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. “பிஹெச் 5.5” என்று போடுவது இன்னும் மோசம். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து உருவான உண்மையான சோப்பு காரத்தன்மை உடையது, பிஹெச் 9-லிருந்து 10-க்குள் இருக்கும். 5.5 இருந்தால் அது சோப்பே அல்ல.

குளியலறையில் பார்க்க வேண்டியது

குறிப்பேடு என்ன போட்டீர்கள் என்று சொல்லும். அது உடம்பில் என்ன செய்கிறது என்பதைக் குளித்துத்தான் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதுகிறவர்கள்தான் மறுபடி “மென்மை”, “புத்துணர்ச்சி” பக்கம் போய்விடுகிறார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்து காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு வரத் தொடங்கியது. ஆனால் காவிரித் தண்ணீர் குடத்துக்குத்தான். குளிப்பதற்குப் பல வீடுகளில் இன்றும் போர் தண்ணீர். சோப்புக்குத் தொல்லை தருவது ஃபுளோரைடு அல்ல, கால்சியம், மெக்னீசிய உப்புகள். அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரையாகிவிடும். நுரை குறையும், பக்கெட் ஓரத்தில் பிசுக்குப் படியும், தலைமுடி சிக்கலாகும். வாங்கியவர் தண்ணீரைக் குறை சொல்லமாட்டார், உங்கள் சோப்பைத்தான் சொல்வார்.

எனவே ஒரே சோப்பை இரண்டு தண்ணீரில் சோதியுங்கள். ஒரு கிண்ணத்தில் காவிரித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் ஊரிலேயே அதிக உப்பான போர் தண்ணீர். நனைந்த கையில் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டியை உருட்டித் தேய்த்து, நுரை எவ்வளவு எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தண்ணீர் எப்படிக் கலங்குகிறது என்று பாருங்கள். நம் சோப்பில் மூன்றில் இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் இருப்பதால் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். கடல் தண்ணீரிலேயே நுரைக்கும் என்பதால் அந்தக் காலத்தில் கப்பலில் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். இருந்தாலும் போர் தண்ணீரில் நுரை நிச்சயம் குறையும், வெள்ளைத் திரையும் வரும். அதையும் எழுதலாம்: “உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் நுரை குறைவாக இருக்கும்.” இரண்டாம் பாதியை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பென்னாகரத்தில் வாங்கியவர் வீட்டுக்குப் போய் நுரை குறைவதைப் பார்க்கும்போது, அட்டையில் சொன்னது சரியாக இருக்கிறதே என்று நினைப்பார்.

அடுத்தது ராகி. சலித்த மாவு என்றாலும் கையில் நறநறவென்று லேசாகத் தட்டுப்படும். முழங்கை, முழங்கால், குதிகால் போன்ற இடங்களில் அது நன்றாக இருக்கும். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் சிலருக்கு உறுத்தும். இதை நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்காமல் வீட்டில் பெரியவர், சிறுவர், வெயிலில் வேலை செய்பவர் என்று வேறு வேறு தோலில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எங்க தேய்ச்சா உறுத்துது?” என்று கேட்டால்தான் பதில் வரும். குளித்த பிறகு தோல் இழுத்துப் பிடிக்கிறதா என்றும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு அழுக்கையும் எண்ணெயையும் நன்றாக எடுக்கும். அதே காரணத்தால் வறண்ட தோல்காரர்களுக்கு, குறிப்பாக மார்கழிக் குளிரில், இழுக்கும். எட்டு சதவீத எண்ணெயை விட்டு வைத்தது இதைக் கொஞ்சம் குறைக்கத்தான், முழுதாகப் போக்காது.

எத்தனை நாள் வரும் என்பதற்கு எடைத் தராசு போதும். ஒரு கட்டியை எடை போட்டு, தினம் ஒரு குளியல் என்று ஒரே ஆளிடம் கொடுங்கள். பத்து நாள் கழித்து நன்றாகக் காயவிட்டு மறுபடி எடை போடுங்கள். 40 கிராம் கரைந்திருந்தால் ஒரு குளியலுக்கு 4 கிராம், 100 கிராம் கட்டி 25 குளியலுக்கு வரும். தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் இது பாதியாகக்கூடக் குறையும், ஏனென்றால் கிளிசரின் உள்ள சோப்பு ஈரத்தை இழுத்துக் கூழாகும். எனவே “25 குளியல்” என்று மட்டும் போடாமல், “தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால்” என்பதையும் சேர்க்க வேண்டும்.

சோதனையில் கட்டியின் மேல் வெள்ளைத் திட்டுத் திட்டாக, தொட்டால் எரிச்சல் தரும் இடங்கள் தெரிந்தால் குறிப்பு எழுதுவதையே நிறுத்துங்கள். காஸ்டிக் சரியாகக் கலக்காத சோப்பு அது. எந்த வாசகமும் அதைக் காப்பாற்றாது.

எழுதுவது

இப்போது கையில் விஷயம் இருக்கிறது. எழுதத் தொடங்கும்போது முதல் வரியில் சோப்பு என்ன, எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுங்கள். முன்னுரை வேண்டாம். இப்படி எழுதலாம்:

“ராகி குளியல் சோப்பு. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்து, சலித்த ராகி மாவு சேர்த்தது. மாவு கையில் லேசாக நறநறக்கும். முழங்கை, முழங்கால், குதிகாலில் தேய்க்க ஏற்றது. முகத்தில் தேய்க்காமல் நுரையை மட்டும் எடுத்துப் பூசுங்கள். வாசனையும் நிறமும் சேர்க்கவில்லை. வெளிர் பழுப்பாக, ராகிப் புள்ளிகளோடு இருக்கும். போர் தண்ணீரிலும் நுரைக்கும், ஆனால் நல்ல தண்ணீரில் வரும் அளவுக்கு வராது. வறண்ட தோல் உள்ளவர்கள் குளித்ததும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளவும். அச்சில் ஊற்றி ஆறு வாரம் காயவைத்தது. தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் ஒருவருக்குச் சுமார் 25 குளியலுக்கு வரும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்.”

இதில் இயற்கை இல்லை, அற்புதம் இல்லை, தூய்மை இல்லை. ஆனால் முன்பிருந்த வாசகத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் நீளம், சுவையும் அதிகம். இந்த வரிகளை எடுத்துப் பக்கத்து மேசை வேப்பிலை சோப்பின் அட்டையில் ஒட்ட முடியாது. ஒரு குறிப்பு நன்றாக வந்திருக்கிறதா என்று அறிய நான் செய்வது இந்த ஒரு சோதனையைத்தான். இதை இன்னொருவர் தன் சோப்புக்கு அப்படியே ஒட்டிக்கொள்ள முடியுமா? எந்த வரிக்கு “முடியும்” என்று பதில் வருகிறதோ அந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வரவேண்டிய விவரத்தைக் குறிப்பேட்டிலோ குளியலறையிலோ தேட வேண்டும்.

ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ராகியை உண்மையிலேயே பாலக்கோடு பக்கத்துக் காட்டிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் “பாலக்கோடு ராகி” என்று எழுதுங்கள், நன்றாக இருக்கும். மளிகைக் கடைப் பாக்கெட்டில் வாங்கினால் வேண்டாம். எண்ணெய் செக்கில் ஆட்டியது என்றால் அதையும் அதே கணக்கில்தான் சொல்ல வேண்டும், மூன்று எண்ணெயில் ஒன்று மட்டும் செக்கெண்ணெய் என்றால் எது என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

சிறு அட்டையில் இவ்வளவும் இடம் பிடிக்காது. சட்டப்படி அட்டையில் வர வேண்டிய விவரங்கள் போக, முதல் மூன்று வரிகளும் வேர்க்கடலை எச்சரிக்கையும் போதும். வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பும்போது முழுதாகப் போடலாம், ஆனால் படத்தில் கட்டியின் வெட்டிய பக்கம் தெரியட்டும், ராகிப் புள்ளி தெரிந்தால் நிறத்தை விவரிக்கும் வரியை விட்டுவிடலாம். மேசைக்கு முன் நின்று பேசும்போது கதை வேறு. அங்கே கேள்விக்குப் பதில்தான் குறிப்பு.

“அக்கா, இது முகத்துக்குப் போடலாமா?”

“நுரையை எடுத்துப் போடு பாப்பா. கட்டியை வெச்சு தேய்க்காதே, ராகி இருக்கு, உறுத்தும்.”

“வாசமே இல்லையே?”

“வாசனை போடலம்மா. வாசனை வேணும்னா அந்தப் பக்கம் எலுமிச்சைப் புல் சோப்பு இருக்கு பாரு.”

இரண்டாவது பதிலில் அந்த அக்கா ஒரு சோப்பு விற்பனையை விட்டுக்கொடுத்து இன்னொன்றை விற்கிறார். அட்டையில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக இருப்பதால் யோசிக்காமல் பதில் சொல்ல முடிகிறது.

சொல்லக் கூடாதவை

ராகியைப் பற்றி எழுதும்போது ஒரு பெரிய வழுக்கல் இருக்கிறது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பது உணவுப் புத்தகங்களில் இருக்கும் செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு “கால்சியம் நிறைந்த ராகி உங்கள் சருமத்தை வலுப்படுத்தும்” என்று எழுதிவிடுகிறார்கள். களியாகச் சாப்பிட்டால் கிடைப்பது, தோலில் அரை நிமிடம் தேய்த்துக் கழுவினால் கிடைக்காது. சோப்பில் ராகிக்கு இருக்கும் வேலை தேய்ப்பது, அதை மட்டும் சொல்லுங்கள். ஆட்டுப்பால் சோப்பில் வைட்டமின், தேன் சோப்பில் சத்து என்று எழுதுவதும் இதே வகைதான்.

நோய்ப் பெயர் எதையும் எழுதக் கூடாது. பரு, படை, சொறி, சிரங்கு போகும் என்றால் அது மருந்துக்கான உரிமைகோரல். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ஒரு காலத்தில் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982 திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. எனவே விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும், உரிம எண்ணும் தொகுதி எண்ணும் சேர்மானப் பட்டியலும் அட்டையில் வர வேண்டும். அதே சட்டத்தின் 17சி பிரிவு, அட்டையிலோ அதோடு தரும் துண்டுச் சீட்டிலோ பொய்யான, தவறாக வழிநடத்தும் வாசகம் இருந்தால் அந்தப் பொருளைத் தவறான முத்திரையிட்ட பொருளாகக் கருதுகிறது. வேப்பெண்ணெய் சோப்பு விற்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், வேப்பெண்ணெய் என்றதும் கை தானாக “தோல் நோய்களுக்கு” என்று எழுதிவிடும். “வேப்பெண்ணெய் சேர்த்தது, அதன் வாடை லேசாக இருக்கும்” என்று நிறுத்தினால் போதும். வேப்பெண்ணெய் வேண்டியவருக்கு அது ஏன் வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

எடையைப் பொறுத்தவரை, வெட்டிய அன்று இருந்த 115 கிராமை எழுதாதீர்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு கட்டியையும் நிறுத்துப் பார்த்து, அதில் மிகக் குறைந்ததை எழுதுங்கள். கையால் வெட்டினால் ஒரே அச்சிலிருந்து 97-ம் வரும், 104-ம் வரும். கடையில் வைத்திருக்கும்போதும் ஈரம் இன்னும் கொஞ்சம் போகும்.

பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுபவர்களுக்கு

நம் மாவட்டத்தில் கைச்சோப்பு என்று விற்கப்படுவதில் நல்ல பங்கு, ரெடிமேட் சோப்பு பேஸை வாங்கி உருக்கி, நிறமும் வாசனையும் மாவும் கலந்து அச்சில் ஊற்றியது. அதில் தவறில்லை. காஸ்டிக் கையாளத் தேவையில்லை, மறுநாளே விற்கலாம், சிறு குழுவுக்கு அது பாதுகாப்பான தொடக்கம். ஆனால் மேலே எழுதிய குறிப்பை அந்தச் சோப்புக்குப் பயன்படுத்த முடியாது. எண்ணெய்ப் பெயர்களும், ஆறு வாரமும் உங்களுடையவை அல்ல. “வாங்கிய கிளிசரின் சோப்பு பேஸில் சலித்த ராகி மாவு சேர்த்து, கையால் அச்சில் ஊற்றியது” என்று எழுதுங்கள். பேஸ் விற்றவரிடம் சேர்மானப் பட்டியலைக் கேட்டு வாங்கி அதையும் அட்டையில் போடுங்கள். நுரை கூட்டும் செயற்கைப் பொருள் சேர்ந்த பேஸ்களும் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்காமல் “சல்ஃபேட் இல்லாதது” என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. குறிப்பு எழுதிய தாளில், அது எந்தக் கலவைக்கு, எந்தத் தேதியில் எழுதியது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் அளவைக் குறைத்துப் பாமாயில் சேர்ப்பார்கள், ராகி மாவு தீர்ந்த அன்று கம்பு மாவைப் போடுவார்கள். சோப்பு மாறிவிடும், அச்சடித்த அட்டை மட்டும் பழையபடி ஒட்டிக்கொண்டிருக்கும். கலவை மாறினால் தண்ணீர்ச் சோதனையும் எடைச் சோதனையும் மறுபடி செய்து குறிப்பைத் திருத்துங்கள். மிச்சமிருக்கும் பழைய அட்டைகள் எத்தனை நூறு இருந்தாலும் சரி, கிழித்துப் போட்டுவிடுங்கள்.